வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.: 54 மாதம், 12 மாதம், ஒரு லைசென்ஸ்

நீட் ரிசல்ட் வந்த வாரத்தில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை போனால் போதும், அந்த ஃப்ளெக்ஸ் போர்டுகள் கண்ணில் படும். பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா, ரஷ்யா, கிர்கிஸ்தான். ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒரு பெண் படம், அதன் கீழே தவறாமல் ஒரு வரி: 'என்.எம்.சி. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்'. சிலதில் கூடுதலாக 'உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் உள்ளது' என்றும் இருக்கும். கட்டுரை முழுக்க இந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

முதலில் சொல்லிவிடுகிறேன். தேசிய மருத்துவ ஆணையம், அதாவது அந்த என்.எம்.சி., எந்த வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. அங்கீகரித்த வெளிநாட்டுக் கல்லூரிகள் என்று ஒரு பட்டியலும் அதனிடம் கிடையாது. உலக சுகாதார நிறுவனமும் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருவதில்லை. போர்டில் சொல்வது பெரும்பாலும் wdoms.org என்ற உலக மருத்துவக் கல்லூரி அடைவை மனதில் வைத்துத்தான். இப்படி ஒரு கல்லூரி இருக்கிறது என்று காட்டும் டைரக்டரி அது. டெலிபோன் டைரக்டரியில் பேர் இருந்தால் ஆள் நல்லவர் என்று அர்த்தமா? இதில் பேர் இருப்பது அங்கீகாரம் ஆகாது என்று அந்தத் தளமே சொல்கிறது.

அப்படியானால் ஆணையம் எதைப் பார்க்கிறது? கல்லூரியை அல்ல, திரும்பி வரும் ஆளை. அவர் எத்தனை மாதம் படித்தார், எங்கே உட்கார்ந்து படித்தார், எந்த மொழியில் படித்தார், இன்டர்ன்ஷிப் எங்கே செய்தார், படித்த நாட்டில் அவரால் டாக்டராகத் தொழில் செய்ய முடியுமா என்று பார்க்கிறது. ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேரில் ஒருவருக்குப் பதிவு கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1956 ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் அட்டவணைகள் இருந்தன. அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டுப் பட்டங்கள் அவற்றில் வரிசையாக இருக்கும். உங்கள் பட்டம் அட்டவணையில் இருந்தால் வேலை முடிந்தது. சோவியத் ஒன்றியத்துக்குப் படிக்கப் போனவர்கள் காலம் அது. 1991இல் சோவியத் உடைந்த பிறகு நிலைமை குழம்பியது. புதிய நாடுகள், புதிய கல்லூரிகள், பாதியில் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறியவர்கள், இங்கே எம்.பி.பி.எஸ். சேரத் தேவையான பிளஸ் டூ மதிப்பெண் இல்லாமலே போய்ச் சேர்ந்தவர்கள் என்று சிக்கல் வளர்ந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001இல் சட்டத்தைத் திருத்தி ஒரு வடிகட்டும் தேர்வைக் கொண்டுவந்தார்கள். 2002 மார்ச் 15க்குப் பிறகு வெளிநாட்டுப் பட்டம் வாங்கிய இந்தியர்கள் இந்தத் தேர்வில் பாஸ் செய்தால்தான் பதிவு. எஃப்.எம்.ஜி.இ. என்று இப்போது சொல்கிறோமே, அதுதான் இது.

இந்தத் தேர்வைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 300 கேள்வி, 150 மதிப்பெண் எடுத்தால் பாஸ், தப்புக்கு மைனஸ் கிடையாது, வருடத்துக்கு இரண்டு தடவை. பெரும்பாலான தடவைகளில் எழுதியவர்களில் நான்கில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. ஏஜென்ட் ஆபீஸ்களில் பேச்சு எப்போதும் இந்தத் தேர்வோடு நின்றுவிடுகிறது. 'நாங்களே கோச்சிங் கொடுக்கிறோம் சார், ரெண்டாவது அட்டெம்ப்ட்ல கண்டிப்பா பாஸ் ஆயிடுவாங்க' என்பார்கள். தேர்வில் தோற்றால் திரும்ப எழுதலாம். நான் சொல்ல வருவது திரும்ப எழுத முடியாத விஷயங்களைப் பற்றி.

2021 நவம்பர் 18 அன்று அரசிதழில் ஒரு விதிமுறை வந்தது. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கு உரிமம் வழங்குவது பற்றிய விதிமுறை. அந்தத் தேதிக்குப் பிறகு வெளிநாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தும், முன்னால் சேர்ந்தவர்களுக்குப் பழைய 2002 விதி. மூலத்தில் சில பக்கங்கள்தான். உட்கார்ந்து படித்தால் அரை மணி நேரம் ஆகும். பிள்ளையை அனுப்ப 30, 40 லட்சம் கடன் வாங்கும் வீடுகளில் அந்த அரை மணி நேரத்தைச் செலவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

விதியின் சாரம் இது. படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 மாதம் இன்டர்ன்ஷிப், அதுவும் படித்த அதே வெளிநாட்டுக் கல்லூரியில். பயிற்றுமொழி ஆங்கிலம். விதியின் பட்டியலில் உள்ள பாடங்கள் எல்லாம் படித்திருக்க வேண்டும். படிப்பும் பயிற்சியும் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே கல்லூரியில் நடந்திருக்க வேண்டும், எந்தப் பகுதியும் இந்தியாவிலோ மூன்றாவது நாட்டிலோ நடந்திருக்கக் கூடாது. சேர்ந்ததிலிருந்து 10 வருடத்துக்குள் முடிக்க வேண்டும். பட்டம் கொடுத்த நாட்டில், அந்த நாட்டுக் குடிமகனுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் தொழில் செய்யும் உரிமம் கிடைக்கத் தகுதி இருக்க வேண்டும். இதெல்லாம் முடிந்து இந்தியா வந்த பிறகு தேர்வு, அதன் பின் இங்கே இன்னொரு 12 மாத இன்டர்ன்ஷிப். தேர்வு என்று விதி சொல்வது நெக்ஸ்ட் என்ற புதிய தேர்வை. அது இன்னும் நடைமுறைக்கு வராததால் எஃப்.எம்.ஜி.இ. தொடர்கிறது.

என் மாதிரி கோடு எழுதிப் பிழைக்கிற ஆளுக்கு இதைப் பார்த்தவுடன் என்ன தோன்றும் என்றால், இது ஒரு நீளமான 'அண்ட்' கண்டிஷன். ஒன்று பொய்யானால் மொத்தமும் பொய். ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது. அதைவிட மோசம், இந்த கண்டிஷன் ஓடுவது கடைசியில். சேரும்போது யாரும் தடுப்பதில்லை. நீட் தகுதி இருந்தால் போகலாம். 2018க்குப் பிறகு வெளிநாட்டில் மருத்துவம் படிக்கவும் நீட் தகுதி வேண்டும், அந்த மதிப்பெண் 3 வருடத்துக்குச் செல்லும். விசா கிடைக்கும், பாங்க் கடன்கூடக் கிடைக்கும். ஆறு வருடம் கழித்துப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் எரர் வரும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டிலிருந்து நிறைய பேர் போன நாடு பிலிப்பைன்ஸ். காரணங்கள் எளிது. அங்கே ஆங்கிலத்தில்தான் பாடம், சீதோஷ்ணம் நம்ம ஊர் மாதிரி, மெஸ்ஸில் சாம்பார் கிடைக்கும், கட்டணமும் இங்கே டீம்டு பல்கலை கேட்கும் கோடிக்கு முன்னால் ஒன்றுமில்லை. வத்தலக்குண்டு பக்கம் ஒரு மாணவி 2022இல் பிளஸ் டூ முடித்து, அந்த வருட நீட்டில் தகுதி பெற்று, வருடக் கடைசியில் அங்கே போனதாக வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்காகச் சொல்கிறேன், குறிப்பிட்ட ஆள் யாரும் இல்லை.

அங்கே மருத்துவம் படிக்கும் முறை அமெரிக்கப் பாணி. பள்ளி முடித்தவுடன் மருத்துவம் சேர முடியாது. முதலில் ஒரு இளங்கலைப் பட்டம் வேண்டும். இந்திய மாணவர்களுக்குப் பெரும்பாலும் பி.எஸ். உயிரியல், சுருக்கிய வடிவில் ஒன்றரை முதல் இரண்டு வருடம். அதன் பிறகு என்மேட் என்ற அவர்களுடைய நுழைவுத் தேர்வு எழுதி, எம்.டி. என்ற நான்கு வருட மருத்துவப் படிப்பு. அந்த நான்காவது வருடம் முழுக்க மருத்துவமனையில் கிளர்க்‌ஷிப். பட்டம் வாங்கிய பின் ஒரு வருட இன்டர்ன்ஷிப். ஏஜென்ட் இதையெல்லாம் கூட்டி 'ஆறு வருஷ எம்.பி.பி.எஸ்.' என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குக் கேட்பதற்கும் ஆறு வருடம் என்றால் சரியாகத்தான் இருக்கும்.

நம்ம மாணவி 2022 கடைசியில் பி.எஸ். சேர்ந்து, 2024 நடுவில் எம்.டி. தொடங்கி, 2028 நடுவில் முடிக்கிறார். எம்.டி. நான்கு வருடம், அதாவது 48 மாதம். விதி கேட்பது 54. ஆறு மாதம் குறைகிறது.

'பி.எஸ். படித்த 18 மாதத்தையும் சேருங்களேன், 66 ஆகிறதே' என்று கேட்கலாம். ஏஜென்ட்கள் சொல்வதும் இதுதான். ஆணையம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பி.எஸ். என்பது உயிரியல் பட்டப்படிப்பு, மருத்துவத்துக்கு முந்தைய தயாரிப்பு, அதை எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமமான படிப்பின் பகுதியாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் நிலை. நம்ம ஊரில் பி.எஸ்சி. விலங்கியல் படித்த பிறகு எம்.பி.பி.எஸ். சேர்ந்தால் பி.எஸ்சி. வருடங்களை யாராவது எம்.பி.பி.எஸ்.ஸில் சேர்ப்பார்களா? யோசித்தால் நியாயம்தான்.

'அப்படின்னா எம்.டி.க்குப் பிறகு செய்கிற இன்டர்ன்ஷிப் 12 மாதத்தைச் சேருங்கள், 60 ஆகிறது' என்றால், அதுவும் நடக்காது. இன்டர்ன்ஷிப் 12 மாதம் தனிக் கணக்கு. ஆக விதிக்கு வேண்டியது 54 கூட்டல் 12, மொத்தம் 66 மாதம். அவரிடம் இருப்பது 48 கூட்டல் 12, 60. எப்படி மாற்றி மாற்றிப் போட்டாலும் அந்த ஆறு மாதம் குறைந்துகொண்டேதான் இருக்கும்.

இந்த 66 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டால் மற்ற நாடுகளையும் சோதித்துவிடலாம். ஒரு கல்லூரி 'ஐந்து வருடப் படிப்பு' என்கிறது. அப்படியானால் 60 மாதம். இன்டர்ன்ஷிப் அதற்கு வெளியே இன்னொரு வருடமா, உள்ளேயா என்று கேளுங்கள். வெளியே என்றால் 72, தப்பித்தோம். உள்ளே என்றால் படிப்பு 48 மாதம்தான், மறுபடியும் பிலிப்பைன்ஸ் கதை. ஆறு வருடப் படிப்பில் கடைசி வருடம் இன்டர்ன்ஷிப் என்று கல்லூரியே எழுத்தில் சான்றளித்தால் 60 கூட்டல் 12, சரி. 'ஆறாம் வருடம் மருத்துவமனைக்குப் போவோம்' என்று மட்டும் இருந்தால் அது இன்டர்ன்ஷிப்பா கிளினிக்கல் வகுப்பா என்று பின்னால் கேள்வி வரும். டிரான்ஸ்கிரிப்டில் அந்த வருடத்துக்கு என்ன பேர் எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பிலிப்பைன்ஸில் இரண்டாவது தடங்கலும் உண்டு, அது இன்னும் சுவாரசியமானது. படித்த நாட்டில், அந்த நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக உரிமம் கிடைக்க வேண்டும் என்கிறது நம் விதி. 1959இல் இயற்றப்பட்ட பிலிப்பைன்ஸ் மருத்துவச் சட்டம், உரிமத் தேர்வு எழுத வருபவர் அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது பிலிப்பைன்ஸ் டாக்டர்களைத் தன் நாட்டு ஆட்களைப் போலவே தொழில் செய்ய விடும் நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது. பரஸ்பரம், கொடுத்து வாங்குவது. இப்படி ஒரு ஏற்பாடு இல்லாத நாட்டுக்காரர் அங்கே படிக்கலாம், பட்டம் வாங்கலாம், உரிமம் வாங்க முடியாது.

நம் ஆணையம் ஏன் இப்படி ஒரு நிபந்தனை போட்டது? வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு படிப்பை உருவாக்கி விற்கும் கல்லூரிகள் பல நாடுகளில் இருக்கின்றன. உள்ளூர் மாணவர் யாரும் அதில் சேர மாட்டார். அந்தப் பட்டத்தை வைத்து அந்த நாட்டிலேயே ஒரு ஊசி போட முடியாது. உன் நாட்டில் நீயே நம்பாத டாக்டரை நான் ஏன் நம்ப வேண்டும் என்பதுதான் கேள்வி. கேள்வியில் தப்பில்லை. ஆனால் மாணவர் மேல் குற்றம் இல்லாத இடத்திலும், அந்த நாட்டுக் குடியுரிமைச் சட்டம் காரணமாக இருக்கும் இடத்திலும் இதே நிபந்தனை அடிக்கிறது. இது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது. ஒரு நல்ல கல்லூரியில் பிலிப்பைன்ஸ் மாணவரோடு ஒரே பெஞ்சில் படித்தவருக்கும் இதே கதிதான். எந்த நாடாக இருந்தாலும், சேரும் வருடத்தில் அங்கே நடப்பில் உள்ள மருத்துவச் சட்டத்தில் 'யார் உரிமத் தேர்வு எழுதலாம்' என்ற பிரிவைப் பார்த்தாக வேண்டும். சட்டங்கள் திருத்தப்படும், பழைய யூடியூப் வீடியோ திருத்தப்படாது.

அடுத்தது இடம் பற்றிய நிபந்தனை. இதற்கு உதாரணம் தேட வெளியே போக வேண்டாம், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்தே ஒரு வழக்கு இருக்கிறது.

சீனாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் 2020 தொடக்கத்தில் கொரோனாவால் ஊருக்கு வந்தார்கள். எல்லை மூடிவிட்டது, திரும்பப் போக முடியவில்லை. மிச்சமிருந்த படிப்பை, கிளினிக்கல் பகுதி உட்பட, கல்லூரி ஆன்லைனில் நடத்தி முடித்துப் பட்டத்தையும் கொடுத்துவிட்டது. வந்தவர்கள் வடிகட்டும் தேர்வையும் எழுதிப் பாஸ் செய்துவிட்டார்கள். நான்கில் ஒருவர் தேறாத தேர்வில் தேறியவர்கள்! ஆனால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு கிடைக்கவில்லை. உயர் நீதிமன்றம் போனார்கள். விட்டுப்போன பயிற்சிக்கு இங்கே கூடுதல் மாதங்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு பதிவு பெறலாம் என்று அவர்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 2022 ஏப்ரல் 29 அன்று தீர்ப்பு.

உச்ச நீதிமன்றம் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் கிளினிக்கல் பயிற்சி என்பது இல்லை. அதை முடிக்காதவரைப் பதிவு செய்யும்படி ஆணையத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் படித்தவர்களின் திறமையும் வருடங்களும் வீணாகவும் விடக் கூடாது. ஆகவே இரண்டு மாதத்துக்குள், ஒரு தடவைக்கான ஏற்பாடாக, இவர்களுக்கு இங்கே பயிற்சி கொடுக்கும் ஒரு திட்டத்தை ஆணையம் வகுக்க வேண்டும். அப்படி 2022 ஜூலை 28இல் வந்த சுற்றறிக்கை, 2022 ஜூன் 30க்குள் படிப்பு முடிந்த சான்று பெற்ற, கொரோனாவாலோ உக்ரைன் போராலோ கடைசி வருடத்தில் திரும்பியவர்கள் தேர்வு எழுதலாம் என்றது. ஆனால் இங்கே இன்டர்ன்ஷிப் ஒரு வருடம் அல்ல, இரண்டு வருடம்.

இதில் கவனிக்க வேண்டியது, இவர்கள் 2021 விதி வருவதற்கு முன் சேர்ந்தவர்கள். பழைய விதிப்படியே இவ்வளவு சிக்கல். புதிய விதி இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிட்டது: எந்தப் பகுதியும் இந்தியாவில் இருக்கக் கூடாது. அதன் பிறகும் சில வெளிநாட்டுக் கல்லூரிகள், ஆன்லைனில் படித்ததை நேரில் வகுப்பு நடத்தி ஈடுகட்டிவிட்டோம் என்று தாராளமாகச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தன. அந்தச் சான்றிதழ்களை ஆணையம் சந்தேகத்தோடுதான் பார்த்தது. ஈடுகட்டினேன் என்று சொல்லும் மாதங்களில் நீ எந்த நாட்டில் இருந்தாய் என்று பாஸ்போர்ட்டில் உள்ள குடியேற்ற முத்திரை சொல்லிவிடும் இல்லையா?

உக்ரைன் கதை எல்லாரும் டிவியில் பார்த்தது. 2022 பிப்ரவரி 24இல் போர் தொடங்கியபோது அங்கே இருந்த இந்திய மருத்துவ மாணவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். பாதிப் படிப்போடு வந்தவர்களை இங்கே உள்ள கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ளக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அந்த வருட செப்டம்பரில், உக்ரைன் பல்கலையின் பட்டத்தோடு வேறு நாட்டில் தற்காலிகமாகப் படிக்க ஆணையம் ஆட்சேபம் இல்லை என்றது. 2023 மார்ச்சில், கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள் கல்லூரியில் சேராமலே எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வுகளை ஒரே ஒரு தடவை எழுதிப் பார்க்கும் வாய்ப்பை உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு முன்வைத்தது. அதற்குப் பின்னாலும் இரண்டு வருட இன்டர்ன்ஷிப். போரே நடந்தாலும் விதி எவ்வளவு தூரம் வளைகிறது என்பதற்கு இது அளவுகோல். சும்மா ஃபீஸ் கூடிவிட்டது, ஹாஸ்டல் சரியில்லை என்று நடுவில் கல்லூரி மாறினால் வளையவே வளையாது. முதல் வருடம் ஒரு நாடு, அடுத்த வருடம் பக்கத்து நாடு என்று 'டிரான்ஸ்ஃபர்' போட்டுத் தருவதை ஒரு வசதியாகவே விற்கிறார்கள். வாங்கிவிடாதீர்கள்.

ஒரு நாள் தெரிந்தவர் ஒருவர் போனில் கூப்பிட்டார். நிலக்கோட்டைப் பக்கம் பூ வியாபாரம். பையனுக்கு இடம் பார்த்துவிட்டார், அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார்.

"தம்பி, அங்க பாஸ் பண்ணிட்டா இங்க ஒரு பரீச்சை. அத எழுதிட்டா டாக்டர். அவ்வளவுதான?"

"அண்ணே, அதுக்கப்புறம் இங்க ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில இன்டர்ன்ஷிப் இருக்கு. அது முடிஞ்சாத்தான் நிரந்தரப் பதிவு."

"அதான் அங்கயே ஒரு வருஷம் பாக்குறானே?"

"அது வேற, இது வேறண்ணே."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு வருடம் கூடுகிறது என்றால் கடனுக்கு இன்னொரு வருட வட்டி. அவர் மனதில் ஓடியது அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த இன்டர்ன்ஷிப்புக்கும் வரிசை உண்டு என்பதை அவரிடம் பிறகு சொன்னேன். 2021இல் உள்நாட்டு இன்டர்ன்ஷிப்புக்காக வந்த விதிமுறை, ஒரு மருத்துவக் கல்லூரி தன் எம்.பி.பி.எஸ். இடங்களுக்கு மேல் 7.5 சதவீதம் வரைதான் வெளிநாட்டுப் பட்டதாரிகளை எடுக்கலாம் என்கிறது. நம்ம திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 150 இடம். 7.5 சதவீதம் என்றால் 11 பேர். மாவட்டம் முழுக்க எத்தனை பிள்ளைகள் வெளியே போகிறார்கள் என்று பார்த்தால் இந்த 11 என்ன எண் என்று தெரியும். ஆகவே தேர்வில் பாஸ் செய்த மறுநாளே வெள்ளைக் கோட்டு மாட்ட முடியும் என்று நினைக்க வேண்டாம். மாநிலக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, இடம் கிடைக்கக் காத்திருப்பு, 12 மாதம், அதன் பின் நிரந்தரப் பதிவு. நடுவில் காத்திருக்கும் மாதங்களில் தெரிந்த கிளினிக்கில் 'சும்மா உதவிக்கு' உட்காரும் பழக்கம் உண்டு. பதிவு இல்லாமல் நோயாளி பார்ப்பது ஆணையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி குற்றம். ஒரு வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

(பெயர்ப் பலகை பற்றியும் ஒரு வார்த்தை. பிலிப்பைன்ஸ், ரஷ்யா போன்ற இடங்களில் அடிப்படைப் பட்டத்துக்கே எம்.டி. என்றுதான் பேர். இங்கே எம்.டி. என்றால் மேற்படிப்பு. ஊரில் கிளினிக் போட்டு வெறும் எம்.டி. என்று பலகை மாட்டினால் நோயாளி ஏமாறுவார், புகாரும் வரும்.)

சரி, சேரும் முன் எதைப் பார்ப்பது? ஏஜென்டிடம் கேட்காதீர்கள், கல்லூரியிடம் நேராக மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் வரட்டும். முதல் கேள்வி, மருத்துவப் பட்டத்துக்கான படிப்பு மட்டும் எத்தனை மாதம், முதல் நாள் எது, கடைசி நாள் எது. பி.எஸ்., பவுண்டேஷன், மொழி வகுப்பு எதையும் சேர்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது, 12 மாத இன்டர்ன்ஷிப் அந்தக் காலத்துக்கு வெளியே, உங்கள் கல்லூரியிலேயே நடக்கிறதா, முடிந்ததும் தனிச் சான்றிதழ் கொடுப்பீர்களா. மூன்றாவது, இந்தியக் குடியுரிமை உள்ள உங்கள் பட்டதாரி உங்கள் நாட்டு உரிமத் தேர்வை எழுத முடியுமா, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவுப்படி. இந்த மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராமல் 'எங்கள் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவில் டாக்டராக இருக்கிறார்கள்' என்று பதில் வந்தால், அவர்கள் எந்த வருடம் சேர்ந்தவர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். 2021 நவம்பருக்கு முன் சேர்ந்தவர்களின் வெற்றி, இப்போது சேர்பவருக்கு எதையும் நிரூபிக்காது. விதி வேறு.

மொழியையும் விட்டுவிடக் கூடாது. பல நாடுகளில் முதல் இரண்டு வருடம் ஆங்கிலம், மருத்துவமனைக்குப் போகும் வருடங்களில் உள்ளூர் மொழி. விதி முழுப் படிப்புக்கும் ஆங்கிலம் கேட்கிறது. பயிற்றுமொழி எது என்று சான்றிதழில் எழுதி வாங்குவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நோயாளி 'வலிக்குது' என்று சொல்வது புரியாமல் இரண்டு வருடம் வார்டில் நிற்கும் மாணவர் என்ன கற்பார்? அந்த 300 கேள்வியில் பெரும்பாலானவை வார்டிலிருந்து வருபவைதான்.

ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு: வருடா வருடம் வரும் மதிப்பெண் பட்டியல், வருகைச் சான்று, ஒவ்வொரு மருத்துவமனைப் பணியின் தேதிகள் கொண்ட லாக் புத்தகம், பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்கள், இவற்றை அந்தந்த வருடமே ஸ்கேன் செய்து வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்த தேதிகளும் திரும்பிப் போன தேதிகளும் அதில்தான் இருக்கின்றன. ஆறு வருடம் கழித்துக் கவுன்சில் கவுன்டரில் மாதக் கணக்கு கேட்கும்போது, மூடிவிட்ட ஏஜென்ட் ஆபீஸும் பதில் எழுதாத கல்லூரியும் உதவாது.